புருவத்தைத் தூக்க ஒரே தசை

1987-இல் கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமை ஓயாமல் துடிக்கும் நோய்க்கு போட்டுலினம் ஊசி போட்டுவந்தார். ஒருநாள் ஒரு நோயாளி, புருவங்களுக்கு நடுவில் ஏன் ஊசி போடவில்லை என்று குறைபட்டார். அங்கே துடிப்பே இல்லையே என்றார் மருத்துவர். அங்கே போட்டால்தான் முகத்தில் கவலை தெரிவதில்லை என்றார் நோயாளி. ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் அதைத் தங்கள் வரவேற்பாளருக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் சுருக்கத்துக்கான போடாக்ஸ் பிறந்தது.

மருந்து தோலைத் தொடுவதில்லை. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின், நரம்பு நுனியிலிருந்து வெளியேறாதபடி தடுக்கிறது, அவ்வளவுதான். தசை ஓய்ந்தால் தோல் மடியாது. மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியும். இரண்டு வாரத்தில் முழுப் பலன். நரம்பு நுனி மெல்லத் தேறிவிடுவதால் மூன்று நான்கு மாதத்தில் கோடுகள் திரும்பும். கண்ணாடி முன் முகத்தைத் தளர்த்தியபடி நின்றாலும் தெரிகிற ஆழமான கோடு மங்குமே தவிர, பெரும்பாலும் முழுதாக மறையாது.

நெற்றியில் ஒரு சிக்கல் உண்டு. புருவத்தை மேலே தூக்குவது அந்த நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுக்கவோ பல தசைகள். மேலிமைத் தோல் தொங்கிய 50 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பார்வையை மறைக்காமலிருக்க அவர் நாள் முழுவதும் தன்னை அறியாமல் புருவத்தை உயர்த்தியே வைத்திருக்கிறார். கோடுகள் விழுந்ததே அதனால். அவருக்குத் தாராளமாக ஊசி போட்டால் கோடு போகும், கூடவே புருவம் இறங்கி இமை கனக்கும். கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தி, புருவத்தை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொன்னால் இந்த ஆபத்து முன்பே தெரிந்துவிடும். இந்தச் சோதனை செய்யாமல் ஊசியை எடுக்கும் கிளினிக்கில் உட்காராமல் இருப்பதே நல்லது.

போடாக்ஸுக்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட அளவு நெற்றியில் ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். கூடவே புருவ நடுவில் இன்னொரு 20. கீழே இழுக்கும் தசைகளையும் அடக்காவிட்டால் புருவம் இறங்கும் என்பதே காரணம். ஆகவே "எத்தனை யூனிட், எங்கெங்கே?" என்பதே முதல் கேள்வி. "எந்த பிராண்ட்?" என்பது அடுத்தது. டிஸ்போர்ட்டின் யூனிட்டும் போடாக்ஸின் யூனிட்டும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் வைத்து விலை பேசினால் ஏமாறலாம். குப்பியைக் கண்முன் காட்டுவார்களா, உப்புநீரில் எப்போது கலக்கினார்கள் என்றும் கேட்கலாம். கலக்கிய போடாக்ஸை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது அதன் குறிப்பேடு.

கர்ப்பம், தாய்ப்பால், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைநரம்பு நோய், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் கிளினிக் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வாரம் கூப்பிட்டுப் பார்ப்பார்களா என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும். குறைவாகப் போட்டிருந்தால் அன்று கொஞ்சம் சேர்க்கலாம். கூடிப்போய்ப் புருவம் இறங்கியிருந்தால் அதைக் கரைக்கும் ஊசி கிடையாது. வேகம் தணியும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.