ஹெட்லைட் சொல்லும் நாடு

ஒரு கார் எந்த நாட்டுச் சாலைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் எல்லோருடைய கண்ணும் முதலில் ஸ்டியரிங்கைத்தான் தேடும். அது வலப்பக்கம் இருந்தால் இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான் போல இடப்புறம் ஓட்டும் நாடு. இடப்பக்கம் இருந்தால் ஜெர்மனி, அமெரிக்கா போல வலப்புறம் ஓட்டும் நாடு. பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாகவே வரும். 1960களின் ஸ்வீடன் காரிடம் மட்டும் அது தோற்றுப்போகும்.

1967 வரை ஸ்வீடனில் வண்டிகள் நம் ஊரைப் போல இடப்புறம்தான் ஓடின. ஆனால் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. ஓட்டுநர் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியை முந்த நினைத்தால், எதிரே வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கே காரை நடுச்சாலைக்கு ஒதுக்கியாக வேண்டும். குறுகிய சாலைகளில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்புறம் ஓட்டின. 1955இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக எதிர்த்திருந்தும், 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு நாடே வலப்புறம் மாறியது.

அந்த நாளில் ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. மாற்ற வேண்டியிருந்தது ஹெட்லைட்டை.

காரணம் எளிது. ஹை பீம் நேராகத் தூரம் பாய்கிறது. அதில் இடம், வலம் என்ற பேதம் இல்லை. டிம் செய்தால் மட்டும் ஒளி இரு பக்கமும் ஒரே மாதிரி விழாது. எதிர் வண்டி வரும் பக்கத்தில் கிடைமட்டமாக வெட்டுப்பட்டுத் தாழ்ந்தே நிற்கும். அந்த ஓட்டுநரின் கண் கூசக் கூடாது. சாலையோரப் பக்கத்தில் சற்று மேலேறித் தூரம் போகும். ஓரமாக நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் தெரிய வேண்டும். ஐரோப்பிய முறை விளக்குகளில் இந்த ஏற்றம் ஏறக்குறைய 15 பாகை.

சமதரையில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, சில மீட்டர் இடைவெளி விட்டு, இருட்டில் டிம் லைட்டைப் போட்டால் இது கண்ணுக்கே தெரியும். சுவரில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒரு கோடு விழும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது அது நடுவிலிருந்து இடப்பக்கம் ஏறினால், இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு. வலப்பக்கம் ஏறினால் வலப்புறம் ஓட்டும் நாட்டுக்கானது. இரண்டு விளக்குகளும் ஒரே பக்கமாகத்தான் ஏற வேண்டும். ஒன்று இடமும் ஒன்று வலமும் ஏறினால், விபத்துக்குப் பிறகு யாரோ பொருந்தாத விளக்கை மாட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

சுவர் கிடைக்காத இடத்தில் விளக்கின் கண்ணாடியே பேசும். ஐரோப்பிய விதிப்படி செய்த ஹெட்லைட்டில் வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதன் அருகே, விளக்குக்கு எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லாவிட்டால் வலப்புறத்துக்கானது. இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பலர் ஏமாறும் இடம் அந்த எண்தான்: E1 என்றால் ஜெர்மனி, E11 என்றால் பிரிட்டன். ஆனால் அது விளக்குக்கு அனுமதி தந்த நாட்டைத்தான் குறிக்கிறது, கார் விற்கப்பட்ட நாட்டை அல்ல. நம்ப வேண்டியது அம்பை.

ஸ்வீடனுக்குப் பழைய வட்ட விளக்குகள் கைகொடுத்தன. அவை பல கார்களுக்குப் பொதுவான அளவில் மலிவாகக் கிடைத்தன. மாடலுக்கு ஒரு வடிவம் என்ற பழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மாற்றத்தை இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

ஸ்வீடனுக்கு நேர்மாறான நிலை ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக்கில். அங்கே சாலை வலப்புறம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் ஏராளம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பது ஓட்டுபவரின் பாடு. விளக்கை மாற்றாமல் விட்டால் ஏறுகிற ஒளி எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். அது அடுத்தவர் உயிரைத் தொடும் விஷயம்.

இந்தியாவுக்குள் வரும் பழைய காருக்கான இறக்குமதி விதி இதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கிறது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஹெட்லைட்டின் ஒளி இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

புதிய எல்இடி விளக்குகளில் இந்தத் துப்பு மெல்ல நழுவுகிறது. சில கார்களில் திரையிலேயே ஒளியின் பக்கத்தை மாற்றிவிடலாம். சுவரில் தெரியும் கோடு அன்றைய அமைப்பைத்தான் காட்டும். அத்தகைய காரில் ஹெட்லைட்டோடு நின்றுவிடாமல் பின்பக்கமும் போய்ப் பார்க்கலாம். பின்புறப் பனிவிளக்கு ஒன்றே ஒன்று இருந்தால், ஐரோப்பிய விதிப்படி அது நடுச்சாலைப் பக்கமாகவோ காரின் நடுவிலோதான் இருக்கும். வலப்பக்கம் இருந்தால் இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கான கார்.