இரண்டு நாள் மௌனத்துக்குப் பின் மேலாளர் அனுப்பும் செய்தி

சொல்லாமல் இரண்டு நாள் வேலைக்கு வராத ஊழியருக்கு மேலாளர் அனுப்பும் முதல் செய்தி, விளக்கம் கேட்பதாக இருக்கக் கூடாது; அவர் நலமாக இருக்கிறாரா என்பதை அறிவதற்காகவே இருக்க வேண்டும். நோய், விபத்து, வீட்டில் மரணம், மனச்சோர்வு என எதுவும் காரணமாக இருக்கலாம்.

தவறாமல் வேலைக்கு வரும் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் திங்களும் செவ்வாயும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இப்படி எழுதலாம்: “வணக்கம். ரெண்டு நாளா உங்களைப் பார்க்கலை, நல்லா இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன். வேலையை நாங்க பார்த்துக்கிறோம். காரணம் சொல்லணும்னு இல்லை. ‘நல்லா இருக்கேன்’னு ஒரு வரி போதும். ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க.”

பதில் எழுதத் தெம்பில்லாதவரும் ஒரு வரி அனுப்பிவிடுவார். அதே செய்தியில் “மாத முடிவுக் கணக்கு எங்கே?” என்று சேர்த்தால், அக்கறை விசாரணையாக மாறிவிடும், பயந்தவர் இன்னும் ஒதுங்குவார். குழு வாட்ஸ்அப்பில் கேட்பது அவரை எல்லார் முன்னிலையிலும் நிறுத்துவதாகும்.

சில மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் மறுபடி அழைக்க வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால், அவர் அவசரத் தொடர்புக்காகக் கொடுத்த எண்ணுக்கு மனிதவளப் பிரிவு மூலம் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று ஐயம் எழுந்தால் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். விடுப்பு, சம்பளம் பற்றிய பேச்சு அவர் திரும்பிய பிறகே.