‘தகாத வார்த்தை’ என்றால் என்ன வார்த்தை?

“நேற்று இரவு 14ஆம் நம்பர் பெட் நோயாளியின் மகன் குடித்துவிட்டு வந்து, டூட்டியில் இருந்த சிஸ்டரைத் தகாத வார்த்தைகளால் திட்டி ரகளை செய்தார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

வார்டிலிருந்து நர்சிங் சூப்பிரண்டின் மேசைக்குப் போகும் சம்பவ அறிக்கைகள் பல இப்படித்தான் இருக்கின்றன. எழுதியவருக்கு இதில் எல்லாம் இருப்பதாகத் தோன்றும். அந்த இரவு முழுவதும் அவர் மனதில் இருக்கிறதே! படிப்பவருக்கோ கையில் எதுவும் சிக்காது. என்ன சொல்லித் திட்டினார்? கோபத்தில் கத்தினாரா, மிரட்டினாரா? சாதியைச் சொன்னாரா? பெண் என்பதால் ஆபாசமாக ஏதாவது பேசினாரா? அதற்கு முன் வார்டில் என்ன நடந்தது? இவற்றுக்குப் பதில் இல்லாதபோது நிர்வாகத்தால் செய்ய முடிந்தது இரண்டுதான். ஃபைலில் போட்டு மூடலாம். அல்லது சிஸ்டரை மறுபடி கூப்பிட்டு, அவர் மறக்க நினைப்பதை முதலிலிருந்து சொல்லவைக்கலாம்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததல்ல. பல வார்டுகளில் நடப்பதை வைத்து அமைத்த எடுத்துக்காட்டு. தனியார் மருத்துவமனை, ஆண்கள் பொது வார்டு, 24 படுக்கைகள், இரவு டூட்டிக்கு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்கள். 14ஆம் படுக்கையில் நிமோனியாவுக்கு ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பெரியவர். 9.50க்கு அவர் மகன் வந்து, “அப்பாவுக்குக் கை வீங்கியிருக்கு சிஸ்டர்” என்கிறார். ஊசிக் குழாய் நரம்பை விட்டு நழுவி, மருந்து தோலுக்கடியில் இறங்குகிறது. “இதோ வர்றேன்” என்கிறார் சிஸ்டர். அதே நேரத்தில் 3ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு வாங்க, இரண்டு நர்ஸ்களும் அங்கே ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 10.05க்கு மகன் மறுபடி வருகிறார். 10.12க்கு நர்ஸிங் ஸ்டேஷன் மேசையைத் தட்டிக் கத்துகிறார். செக்யூரிட்டி வந்து அவரை வெளியே அழைத்துப் போகிறார்.

இதை எழுதும்போது நம் ஊரில் முதலில் தடுப்பது கூச்சம். கேட்ட வசவைத் தன் கையால் தாளில் எழுத யாருக்கும் மனம் வராது. பெண் நர்ஸ் ஒருவர் அதை எழுதி, ஆண் மேலாளர் படிப்பார் என்னும்போது இன்னும் தயங்குவார். அதனால்தான் ‘தகாத வார்த்தை’, ‘காது கூசும் சொல்’ என்று மூடி எழுதுகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொன்ன சொல்லைச் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அடுத்த நடவடிக்கை எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது. “உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்” என்பது அவமதிப்பு. அதற்கு உறவினரை அழைத்துப் பேசி எச்சரிப்பது போதுமானதாக இருக்கலாம். “காலைல வெளிய வருவல்ல, அப்ப பாத்துக்கறேன்” என்பது மிரட்டல். அதற்கு அன்று காலையே ஏதாவது செய்தாக வேண்டும். பாலியல் பேச்சென்றால், வெளியாட்களாலும் தொல்லை வராமல் பணியிடத்தைக் காக்கும் பொறுப்பை 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளி மீது வைக்கிறது. விஷயம் உள்ளகப் புகார்க் குழுவுக்கும் போக வேண்டும். பட்டியலினத்தைச் சேர்ந்த ஊழியரைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரக்கூடிய விஷயம். ‘தகாத வார்த்தை’ என்ற போர்வை இந்த நான்கையும் ஒன்றாக்கிவிடுகிறது. எழுதக் கை வராவிட்டால் சிஸ்டர் வாயால் சொல்லட்டும். இன்சார்ஜ் சிஸ்டர் எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கலாம். முழுதாக நினைவில்லாத இடத்தில் ‘இந்தப் பொருளில் பேசினார், சொற்கள் சரியாக நினைவில்லை’ என்று எழுதினால் போதும். ஊகித்து நிரப்பக் கூடாது.

அடுத்தது ‘குடித்துவிட்டு வந்து’. இது ஒரு முடிவு. கண்ட செய்தி அல்ல. சர்க்கரை இறங்கியவரும் இரண்டு இரவு தூங்காதவரும்கூடத் தள்ளாடுவார்கள், குழறுவார்கள். ‘என்னிடமிருந்து ஓர் அடி தூரத்தில் நின்று பேசினார், மது வாடை வந்தது’ என்று எழுதினால் அதை யாரும் அசைக்க முடியாது. ‘ரகளை செய்தார்’ என்பதும் அப்படித்தான். மேசையை எத்தனை முறை தட்டினார், எதையாவது தூக்கி எறிந்தாரா, சிஸ்டர் நகர முடியாதபடி வழியில் நின்றாரா என்பவைதான் செய்தி. பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, பெயர் சூட்டுவதைப் படிப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

இனி, எல்லாரும் விட்டுவிடும் பகுதி. மகன் முதலில் சொன்னது 9.50க்கு. குழாயை எடுத்தது 10.25க்கு. இடையில் 35 நிமிடம். இதை எழுதினால் மெமோ வரும் என்று நர்ஸ்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. பல இடங்களில் சம்பவ அறிக்கை எழுதியவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டிலிருந்து அறிக்கையே வராது. ஆனால் தாமதத்தை மறைத்து எழுதினால், மகன் புகார் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் சொல்வார். அறிக்கை முழுவதன் மீதும் சந்தேகம் விழும். தாமதத்தைக் காரணத்தோடு எழுதினால் கதை வேறு. 3ஆம் படுக்கையின் கேஸ் ஷீட்டில் ஆக்சிஜன் தொடங்கிய நேரம் பதிவாகியிருக்கும். இரண்டு நேரங்களும் பொருந்தும். இரவில் 24 பேருக்கு இரண்டு நர்ஸ் என்பதும் நிர்வாகத்தின் கண்ணில் படும். காரணத்தை எழுதுவது வசவை நியாயப்படுத்துவது ஆகாது.

அப்படி எழுதினால் அறிக்கை ஏறக்குறைய இப்படி வரும்:

“இரவு 9.50: 14ஆம் படுக்கை நோயாளியின் மகன் கை வீக்கம் பற்றி என்னிடம் சொன்னார். வருவதாகச் சொன்னேன். அப்போது 3ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சுத் திணறல். நானும் உடன் பணியாற்றும் நர்ஸும் அங்கே இருந்தோம். 10.05: மறுபடி வந்து சொன்னார். ‘அஞ்சு நிமிஷம்’ என்றேன். 10.12: நர்ஸிங் ஸ்டேஷனுக்கு வந்து மேசையைக் கையால் இரண்டு முறை தட்டினார். உரத்த குரலில், ‘உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான், காலைல வெளிய வருவல்ல, அப்ப பாத்துக்கறேன்’ என்றார். மது வாடை வந்தது. என்னைத் தொடவில்லை. நான், ‘சார், அந்த பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது, வந்துடறேன்’ என்றேன். உடன் இருந்த நர்ஸ் 10.14க்கு செக்யூரிட்டியை அழைத்தார். 10.18க்கு செக்யூரிட்டி வந்தார். மகன் எதிர்ப்பில்லாமல் அவருடன் வெளியே போனார். 10.25: குழாயை எடுத்தேன். 10.40: டூட்டி டாக்டர் மறு கையில் புதுக் குழாய் வைத்தார். 10 மணி மருந்து 10.50க்குக் கொடுக்கப்பட்டது. டூட்டி டாக்டருக்கும் நைட் சூப்பர்வைசருக்கும் 10.30க்குத் தெரிவித்தேன். நேரம் வார்டுக் கடிகாரப்படி. காலை 7.30க்கு டூட்டி முடிந்து தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.”

‘தொடவில்லை’, ‘எதிர்ப்பில்லாமல் போனார்’ என்ற இரண்டையும் கவனியுங்கள். எதிராளிக்குச் சாதகமானதையும் விடாமல் எழுதியிருப்பதால்தான் மற்ற வரிகள் நம்பும்படி இருக்கின்றன. கடைசி வரியையும் வெட்டிவிடக் கூடாது. பயம் என்பது எழுதியவரின் நிலை. அதைத் தன் நிலையாகவே சொல்லியிருக்கிறார். அன்று காலை நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதும் அந்த வரியில்தான் இருக்கிறது. அதனால் அறிக்கை ஷிப்ட் முடியும் முன்பே சூப்பர்வைசர் கைக்குப் போக வேண்டும்.

இந்தத் தாள் நோயாளியின் கேஸ் ஷீட்டோடு சேரக் கூடாது. கேஸ் ஷீட்டில் கை வீக்கம், புதுக் குழாய், தாமதமான மருந்து ஆகியவை மட்டும் இருக்கட்டும். திட்டியது மகன், படுத்திருப்பது அப்பா. ‘பிரச்சினை பண்ணும் பார்ட்டி’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், அடுத்தடுத்த ஷிப்டுகள் அந்தப் பெரியவரின் படுக்கைப் பக்கம் போகவே தயங்கும்.

சாட்சிகளிடம் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். ஒரே வாசகத்தை நான்கு பேர் எழுதியிருந்தால், சொல்லிக்கொடுத்தது என்று யாருக்கும் தெரிந்துவிடும். உடன் இருந்த நர்ஸ் மேசை தட்டிய சத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் அதை மட்டும் எழுதட்டும். சிசிடிவி பல இடங்களில் பேச்சைப் பதிவதில்லை. கைவீச்சு, நின்ற தூரம், நேரம் ஆகியவற்றைத்தான் காட்டும். அதன் கடிகாரமும் வார்டுக் கடிகாரமும் சில நிமிடம் வேறுபடுவது சாதாரணம். அதைச் சரிபார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அந்தப் பகுதியை எடுத்துவைக்கச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது செல்போனில் படம் எடுத்திருந்தால் அதை நிர்வாகத்திடம் கொடுப்பதோடு சரி; வாட்ஸ்அப்பில் போட்டால் மற்ற நோயாளிகளின் முகங்களும் ஊர் சுற்றும்.

சட்டப் பிரிவுகளை வார்டு அறிக்கையில் எழுத வேண்டாம். அது நிர்வாகமும் போலீசும் பார்க்க வேண்டியது. நிர்வாகத்துக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அடித்தால்தான் வன்முறை என்று அது சொல்லவில்லை. பணியில் இருப்பவரை மிரட்டுவதும் வேலை செய்யவிடாமல் தடுப்பதும் அதில் அடங்கும். மத்திய அரசு மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் 2024 ஆகஸ்டில் போன உத்தரவு, ஊழியர் மீது வன்முறை நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே போலீசில் புகார் பதிவாக வேண்டும், அதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்கிறது. புகார் கொடுக்கும் சுமை தனி ஒரு நர்ஸின் தலையில் விழக் கூடாது என்பது தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலும் முதல் கேள்வி ‘என்ன சொல்லித் திட்டினார்’ என்பதுதான். சொன்ன சொல் எழுதப்படாத புகார் நீதிமன்றத்தில் பலவீனப்பட்டுப்போகும்.

நம் எடுத்துக்காட்டில், அறிக்கையைப் படித்த நர்சிங் சூப்பிரண்டு காலை 7.30க்கு சிஸ்டரை மருத்துவமனை வண்டியில் வீட்டில் விடச் சொல்லலாம். போலீசுக்குப் போவதா என்பதை சிஸ்டரையும் கேட்டு மேலதிகாரிகளோடு முடிவு செய்யலாம். மகனைத் தனியாக உட்காரவைத்து அவர் சொல்வதையும் எழுதி வாங்க வேண்டும். 35 நிமிடம் பற்றி அவர் சொல்வது உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு வேறு துணை இருந்தால், இரவு அட்டெண்டர் பாஸை அவர் பெயருக்கு மாற்றலாம். எடுத்த முடிவை அறிக்கையின் அடியில் தேதியோடு எழுதி, ஒரு நகலை அந்த சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு என்ன ஆனது என்று அவர் யாரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.