அந்தப் பட்டனை அமுக்கினால் எங்கே போகிறது?

நைனார்பாளையத்தில் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். மாதம் 18-ஆம் தேதி, சம்பள பில் போடும் நேரம். கோயிலில் மூலஸ்தானத்துக்குள் எட்டிப் பார்க்கக் கிடைத்த சின்னப்பிள்ளை மாதிரி எனக்கு ஒரே குதூகலம். லீவு, சம்பளச் சீட்டு, வருமான வரி அறிவிப்பு மூன்றையும் ஊழியர் கைபேசியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அந்தக் 'களஞ்சியம்' செயலியில் பட்டனை அமுக்கினால் மறுபக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தே தீருவது என்றுதான் வந்திருந்தேன்.

மறுபக்கம் இருந்தது மந்திரமோ மாயமோ அல்ல. ஒரு மின்விசிறி, ஒரு கணினி, பாதி குடித்த டீ, அதன் முன்னால் பில் கிளார்க் அக்கா.

"வாங்க சார், உக்காருங்க. சத்தம் மட்டும் போடாதீங்க, கணக்கு தப்பிடும்" என்றார்.

தமிழக அரசின் கருவூலக் கணக்குத் துறை நடத்தும் ஏற்பாடு இது. ஊழியர்கள் இன்னமும் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற பழைய நீளப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நிதியையும் மனிதவளத்தையும் ஒரே கணினி வலைக்குள் கொண்டுவரும் திட்டமாக 2019-இல் தொடங்கியது. அதன் முன்வாசல்தான் இப்போது களஞ்சியம் என்ற பெயரில் ஊழியர் கைக்கே வந்திருக்கிறது. அலமாரியில் நூல் கட்டிக் கிடந்த பணிப்பதிவேட்டையும் மின்பதிவேடாக மாற்றி இதற்குள் ஏற்றிவிட்டார்கள். பச்சை மையும் சிவப்பு மையும் படிந்த அந்தத் தடிப் புத்தகத்தைத் தன் சர்வீஸில் இரண்டே முறை பார்த்த ஆட்கள் உண்டு. இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்க்கிறார்கள்.

முதல் கதவு: உள்ளே நுழைவது

கைபேசியின் செயலிக் கடையில் Kalanjiyam என்று தேடி, தமிழக அரசு வெளியிட்டதுதானா என்று பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஊழியரின் 11 இலக்க எண்தான் சாவி. பதிவில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்.

முதல் சிக்கல் இங்கேயே காத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த எண்ணைப் பலரும் எப்போதோ மாற்றிவிட்டார்கள். பழைய எண் இப்போது யார் கையில் இருக்கிறதோ, ஓ.டி.பி. அவருக்குப் போய்ச் சேரும். அதனால் செயலியை இறக்கும் முன்பே பில் கிளார்க்கிடம் "என் நம்பர் பதிவுல சரியா இருக்கா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கல்வராயன் மலைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. வளைவுகளுக்கு நடுவே சிக்னல் கண்ணாமூச்சி ஆடும், ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு வந்தபிறகு முயல்வதுதான் வழி.

இரண்டாம் கதவு: லீவு

நான் உட்கார்ந்திருந்தபோதே ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. வெள்ளி முதல் திங்கள் வரை ஈட்டிய விடுப்பு. காரணம், அக்கா மகள் வளைகாப்பு. கிளார்க் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உடனே போனை எடுத்தார்.

"தம்பி, ஈ.எல். போட்டிருக்கீங்களே, சனி ஞாயிறும் சேந்து நாலு நாள் போயிடும். சி.எல். இருக்குல்ல? அதைப் போட்டா ரெண்டே நாள்தான்."

எனக்குப் புல்லரித்தது. இதுதான் ஐயா உள்ரகசியம்! தற்செயல் விடுப்பின் நடுவே வரும் ஞாயிறும் அரசு விடுமுறையும் விடுப்புக் கணக்கில் சேராது. வெள்ளி ஒன்று, திங்கள் ஒன்று, அவ்வளவுதான் கழியும். ஈட்டிய விடுப்பில் அப்படி இல்லை. தொடங்கும் நாளுக்கும் முடியும் நாளுக்கும் இடையில் வருவது எல்லாமே விடுப்பு நாள்தான். அதையே திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள விடுமுறை நாட்களை அனுமதி வாங்கி ஒட்டவைத்துக்கொள்ளலாம், அவை கணக்கில் கழியாது. வளைகாப்புத் தம்பி வகையை மாற்றிப் போட்டதில் நாலு நாள் ஈ.எல். மிச்சம்.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு மீதி காலாவதி. ஈட்டிய விடுப்பு கோடை விடுமுறை இல்லாத அலுவலகங்களில் ஜனவரி முதல் தேதி 15, ஜூலை முதல் தேதி 15 என்று கணக்கில் ஏறும், 240 நாள் வரை சேர்ந்துகொண்டே போகும். ஒன்று டிசம்பரில் கரையும் உப்பு, மற்றொன்று குதிரில் கிடக்கும் நெல். எதை முதலில் செலவழிப்பது என்று வீட்டில் பாட்டியைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

விண்ணப்பம் போட்டாலே லீவு கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அனுமதி தரும் அதிகாரி தன் திரையில் ஒப்புதல் கொடுத்தால்தான் அது விடுப்பு. அதுவரை வெறும் வேண்டுகோள்தான். விண்ணப்பித்த மறுநாளே நிலையைத் திறந்து பார்த்து, அப்படியே நிலுவையில் கிடந்தால் அதிகாரியிடம் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் கதவு: சம்பளச் சீட்டு

பில்லுக்கு மூன்று கைகள். ஒருவர் தொடங்குவார், ஒருவர் சரிபார்ப்பார், சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் ஒப்புதல் தருவார். அதன்பின் கருவூலத்துக்குப் போகும். மாதக் கடைசி வேலை நாளில் வங்கியில் 'டிங்' என்று மணி அடிக்கும்.

"அந்த டிங் கேட்டதும் எல்லாரும் தொகையை மட்டும் பாப்பாங்க. சீட்டைத் திறந்து பாக்கிறவங்க கொஞ்சம் பேருதான்" என்றார் அக்கா.

திறந்து பார்க்க ஓர் எளிய சோதனையும் சொல்லிக்கொடுத்தார். பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். அடிப்படை 50,000 ரூபாய் என்று வையுங்கள். அகவிலைப்படி 58 சதவீதம் என்றால் 29,000. இரண்டும் சேர்ந்து 79,000, பிடித்தம் 7,900. சீட்டில் வேறு எண் இருந்தால், படி உயர்ந்த மாதத்தின் நிலுவை சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் கணக்கு ஒத்துவராவிட்டால் கிளார்க்கைத் தேட வேண்டியதுதான். சீட்டில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நான்காம் கதவு: வரி அறிவிப்பு

இங்கேதான் அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பழைய முறையா, புதிய முறையா? செயலி கேட்பது ஒரே ஒரு கேள்விதான். தேர்ந்தெடுக்காமல் விட்டால் சட்டப்படி புதிய முறைதான் பொருந்தும். "பல வருசமா எல்.ஐ.சி. கட்டுறேன், அப்ப எனக்குப் பழசுதான் லாபம்" என்று பழக்கதோஷத்தில் பழையதைத் தொட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம்.

ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டார். ஆண்டுச் சம்பளம் 12,60,000 ரூபாய். 2025-26 நிதியாண்டின் விதிப்படி, புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போனால் மீதி 11,85,000. 12 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்ஜியம்.

அதே ஆள் பழைய முறையைத் தொட்டால்? நிலையான கழிவு 50,000, எல்.ஐ.சி., சேமிப்பு எல்லாம் சேர்த்து 1,50,000 கழித்தாலும் மீதி 10,60,000. முதல் 2,50,000-க்கு வரி இல்லை. அடுத்த 2,50,000-க்கு 12,500. அடுத்த 5 லட்சத்துக்கு ஒரு லட்சம். மிச்சம் 60,000-க்கு 18,000. கூட்டினால் 1,30,500. அதன்மேல் 4 சதவீத மேல்வரி 5,220. மொத்தம் 1,35,720 ரூபாய். மாதம் 11,310 ரூபாய்!

"ஒரே ஒரு தொடுதல்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்து "ஷ்ஷ்" என்றார்கள்.

வீட்டுக்கடன் வட்டி 2 லட்சத்தைக் கழித்தால்கூட இவருக்குப் பழைய முறையில் 87,880 ரூபாய் வரி வருகிறது. வாடகைப்படிக் கழிவு, பெரிய வட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒன்றாகக் கூடி வருகிறவருக்குக் கணக்கு மாறலாம். அவர்கள் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டுத் தொட வேண்டும்.

கணினி வரியை எப்படிப் பிடிக்கிறது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். இதுவரை வாங்கிய சம்பளத்தோடு இனி வரப்போகும் மாதங்களின் சம்பளத்தையும் சேர்த்து ஆண்டுத் தொகையை அது முன்கூட்டியே கணிக்கிறது. வரவேண்டிய வரியை மீதி மாதங்களுக்குப் பங்கு போடுகிறது. அதனால் அறிவிப்பைத் தள்ளிப்போட்டு டிசம்பரில் கொடுத்தால், கடைசி இரண்டு மூன்று சம்பளத்தில் பெரிய கடி விழும். ஏப்ரலில் கொடுத்தால் எறும்புக்கடிதான்.

தவறான முறையைத் தொட்டுப் பிடித்தம் ஆகிவிட்டால் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றித் திரும்பப் பெறலாம். ஆனால் அந்தப் பணம் அதுவரை உங்கள் பையில் இருக்காது.

சிக்கினால் யாரைப் பிடிப்பது?

வரிசை ஒன்று உண்டு, அதை மாற்றினால் நாள்தான் வீண். கைபேசி எண், பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, விடுப்பு இருப்பு தவறாக இருந்தால் உங்கள் அலுவலக பில் கிளார்க். ஒப்புதல் நிலுவையில் கிடந்தால் சம்பளம் வழங்கும் அலுவலர். இருவர் திரையிலும் சரியாக இருந்தும் பில் நகரவில்லை என்றால் உங்கள் அலுவலகம் பில் அனுப்பும் கருவூலம். அதன் விவரங்கள் karuvoolam.tn.gov.in தளத்தில் கிடைக்கும். வரித் தாக்கல் சந்தேகங்களுக்கு வருமான வரித்துறையின் கட்டணமில்லா எண் 1800 103 0025. யாரிடம் பேசினாலும் ஊழியர் எண்ணையும் திரையின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி.யை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். உதவி செய்வதாகச் சொல்லித் தானாக அழைப்பவருக்கு நிச்சயம் சொல்லாதீர்கள்.

நான் கிளம்பும்போது அக்காவின் டீ ஆறிப்போயிருந்தது. "முன்னெல்லாம் நான் மறந்தா உங்க லீவு நிக்கும். இப்ப நீங்க மறந்தா நிக்கும். அவ்வளவுதான் சார் வித்தியாசம்" என்று சிரித்தார்.

அரசு ஊழியர்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செயலியைத் திறந்து மூன்றே மூன்று பாருங்கள்: விடுப்பு இருப்பு, போன மாதச் சம்பளச் சீட்டு, எந்த வரி முறை என்று பதிவாகியிருக்கிறது. தப்பு இருந்தால் நாளைக் காலையே கிளார்க்கிடம் போங்கள். மாதம் 18-ஆம் தேதி மட்டும் வேண்டாம், அன்றைக்கு அவருக்கு டீ குடிக்கக்கூட நேரமில்லை.