சிவப்பு மை - 11: பிரபவ ஐப்பசி

ஒற்றும் சந்தியும் ஆசிரியரைக் கேட்காமலே திருத்தலாம் என்று போன வாரம் பார்த்தாயிற்று. இந்த வாரம் மேற்கோள்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் பஞ்சாங்கம் புகுந்துவிட்டது.

ஒரு தன்வரலாற்றின் முதல் பக்கத்தில், 'பிரபவ ஆண்டு ஐப்பசியில், 1928இல் பிறந்தேன்' என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டு வட்டத்தின் முதல் ஆண்டு பிரபவ. அது 1927 சித்திரையில் தொடங்கியது. அடுத்த சுற்று 1987இல் வந்தது. ஆகவே பிரபவ ஐப்பசி என்றால் 1927. 1928 ஐப்பசி என்றால் அது விபவ. இரண்டில் ஒன்று பிழை. எது என்பதுதான் நமக்குத் தெரியாது. கை துறுதுறுவென்று 1927 ஆக்கத் துடிக்கும். ஆக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஐப்பசிக்குப் பதில் தை என்றிருந்தால் அந்த வரியில் பிழையே இல்லை! தமிழாண்டு சித்திரை முதல் பங்குனி வரை ஓடுவதால், பிரபவ தை 1928 ஜனவரியில்தான் வரும். 'பிரபவ என்றால் 1927' என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் சரியானதைத் திருத்திக் கெடுத்துவிடுவார். நாஞ்சில் நாட்டுக்காரர் எழுதியதென்றால் கொல்லம் ஆண்டும் துணைக்கு வரும். அது ஆவணியில் பிறக்கும்; ஐப்பசி என்றால் 824 கூட்ட வேண்டும், தை என்றால் 825. 1103 ஐப்பசி என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் 1927ஐயே காட்டும்.

சரி, நூலுக்குள்ளேயே வேறு சாட்சி உண்டா? எண்பதாம் பக்கத்தில், '1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது எனக்கு வயது பதினான்கு' என்கிறார். 1927 ஐப்பசியில் பிறந்தவருக்கு அப்போது பதினான்கு நிறைந்திருக்கும். அப்பாடா என்று பேனாவை எடுத்தால், ஊரில் நடப்பு வயது சொல்கிற வழக்கம் குறுக்கே நிற்கிறது. 1928இல் பிறந்தவருக்கும் அப்போது பதினான்கு நடந்துகொண்டிருக்கும். சாட்சி இரண்டு பக்கமும் பேசுகிறது.

ஒற்று விட்டுப்போனால் சரியான வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். அது நம் கையில் இருக்கிறது. இங்கே சரியானது ஆசிரியரின் ஜாதகக் கட்டிலோ பள்ளிச் சான்றிதழிலோ இருக்கிறது. பிழை என்று தெரிந்தும், சரி எது என்று நூலை வைத்தே சொல்ல முடியாதபோது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஓரத்தில் வெறும் கேள்விக்குறி போட்டால் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. 'சரிதான்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி எழுதலாம்: 'பிரபவ ஐப்பசி எனில் 1927, 1928 ஐப்பசி எனில் விபவ. எதை வைத்துக்கொள்ளலாம்? பக். 80இல் வயதையும் பார்க்கவும்.'

ஆசிரியர் உயிரோடு இல்லையென்றால் மூலத்தில் கை வைக்காமல் அடிக்குறிப்பு போடுவதே முறை. அதில் ஒரு வம்பு இருக்கிறது. மேற்கோள்களோடு சேர்த்து அடுத்த வாரம். அதற்குள் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள்.