‘நீ’ என்றால் மிரட்டல். ‘நீங்கள்’ என்றால் மரியாதை! இங்கிலீஷ் சாட்டிங்கைத் தமிழாக்குவதில் சிக்கல்

மாரண்டஹள்ளி,

‘ஐ வில் சீ யூ டுமாரோ.’ இங்கிலீஷில் ஐந்தே வார்த்தைகள். இதைத் தமிழில் ‘நாளை உங்களைச் சந்திக்கிறேன்’ என்று எழுதினால் மரியாதையான பேச்சு. ‘நாளைக்கு உன்னைப் பார்த்துக்கிறேன்’ என்று எழுதினால் போலீஸ் நிலையத்துக்குப் போகிற சமாச்சாரம்!

இது வெறும் இலக்கணத் தகராறு அல்ல. செல்போன் சாட்டிங் இன்று வழக்குகளில் சாட்சியமாகிறது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, உரிய சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். அதே நாளில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை ஜெயில் உண்டு. கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை போகும். அப்படியிருக்க, தமிழாக்கம் செய்கிறவர் ‘யூ’வுக்கு என்ன போடுகிறார் என்பது சாதாரண விஷயமா?

‘நீ’ என்ற ஒரு சொல் கோர்ட்டு வரை போனதும் உண்டு. பொதுமக்களை ‘எடா, எடி, நீ’ என்று போலீசார் அழைக்கக்கூடாது என்று 2021 செப்டம்பரில் கேரள ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. டி.ஜி.பி.யும் சுற்றறிக்கை அனுப்பினார்.

லாரி வரவில்லை!

உதாரணத்துக்கு ஒரு சாட்டிங். மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றுகிறவர் ஒருவர். பெங்களூர் மண்டிக்காரர் ஒருவர். மண்டிக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இங்கிலீஷ்.

மண்டிக்காரர்: ‘வேர் ஆர் யூ?’
தக்காளிக்காரர்: ‘ஆன் தி வே சார்.’
மண்டிக்காரர்: ‘யூ செட் சிக்ஸ் ஓ கிளாக்.’
தக்காளிக்காரர்: ‘சாரி சார். வில் யூ வெயிட்?’
மண்டிக்காரர்: ‘ஐ வில் சீ யூ டுமாரோ.’

முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு ‘எங்கே இருக்கே?’ என்பதா, ‘எங்கே இருக்கீங்க?’ என்பதா? சொல்லவே முடியாது. இரண்டாவது வரியில் ‘சார்’ வருகிறது. ஆகவே தக்காளிக்காரர் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுகிறார். ஆனால் மண்டிக்காரர் திருப்பி எப்படிப் பேசுகிறார்? அதை ‘சார்’ சொல்லாது. மரியாதை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல வீடுகளில் மனைவி கணவரை ‘நீங்க’ என்பார். கணவர் மனைவியை ‘நீ’ என்பார். ஒரே சாட்டிங், இரண்டு விதம்!

ஆகவே பழைய மெசேஜ்களைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ‘அண்ணா’ என்று எங்காவது எழுதியிருக்கிறாரா? வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதா? இந்தப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் புழங்குகிற பக்கம். அந்த மொழிகளிலும் இதே பிரிவு உண்டு. கன்னடத்தில் ‘நீனு’ என்றால் நீ, ‘நீவு’ என்றால் நீங்கள். தெலுங்கில் ‘நுவ்வு’, ‘மீரு’. வாய்ஸ் மெசேஜில் மண்டிக்காரர் ‘நீவு’ என்று பேசியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தமிழிலும் ‘நீங்க’தான்.

கடைசி வரிக்கும் இதுவே வழி. ‘பாக்கிப் பணம் நாளை தருகிறேன்’ என்று முந்தின நாள் மெசேஜ் இருந்தால், அது வெறும் சந்திப்பு. அங்கே ‘பார்த்துக்கிறேன்’ என்று எழுதினால், இங்கிலீஷில் இல்லாத மிரட்டலைத் தமிழாக்கியவரே சேர்த்துவிட்டார் என்று அர்த்தம்.

வால் காட்டிக்கொடுக்கும்

‘நீ, நீங்க இரண்டையும் விட்டுவிட்டால் போச்சு’ என்று தப்பிக்கவும் முடியாது. தமிழில் வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘வர்றியா’, ‘வர்றீங்களா’ என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

ஆனால் சில வார்த்தைகளுக்கு அந்த வால் கிடையாது. தெரியுமா, வேணுமா, முடியுமா, ஆச்சா ஆகியவை அந்த ரகம். ‘வில் யூ வெயிட்?’ என்பதை ‘கொஞ்சம் வெயிட் பண்ண முடியுமா?’ என்று எழுதினால் யாரிடம் பேசினாலும் பொருந்தும். ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதற்கு ‘சாப்பாடு ஆச்சா?’ போதும். ஆனால் ‘யூ செட்’ வந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. ‘சொன்னே’ அல்லது ‘சொன்னீங்க’ என்று ஒரு முடிவுக்கு வரத்தான் வேண்டும்.

முட்டாளுக்கு மரியாதையா?

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ‘நீங்கள்’ போடுகிறவர்கள் உண்டு. இரண்டு கூட்டாளிகள் திட்டிக்கொள்ளும் இடத்தில் ‘நீங்கள் ஒரு முட்டாள்’ என்று வந்தால் படிக்கிறவர் சிரித்துவிடுவார். கூட்டாளிகள் நாலு பேரைச் சேர்த்துப் பேசினால் மட்டும் ‘நீங்கல்லாம்’ சரி. அது பன்மை, மரியாதை அல்ல.

இன்னொரு பிழை, நடுவில் மாறுவது. மூன்றாவது வரியில் ‘நீங்க’, நாலாவது வரியில் ‘நீ’ என்று வந்தால், இடையில் சண்டை மூண்டுவிட்டது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். வரிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எழுதும்போது இது நடக்கிறது. முழு சாட்டிங்கையும் படித்து, ‘இவர் அவரை நீங்க, அவர் இவரை நீ’ என்று முதலில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் இது வராது.

எதுவுமே தெரியாத இடத்தில்? வியாபார சாட்டிங் என்றால் ‘நீங்கள்’ போடுவதே பாதுகாப்பு. வழக்குக்கான தமிழாக்கம் என்றால் அது மட்டும் போதாது. ‘மூலத்தில் யூ என்று மட்டும் உள்ளது’ என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுத வேண்டும். மிரட்டலா, மரியாதையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி. தமிழாக்கம் செய்கிறவர் அல்ல.