முப்பத்தேழு பௌர்ணமி, மூணு தீபம்: தீசிஸுக்கு ஒரு கால அட்டவணை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பிஎச்.டி. சேர்ந்தவங்ககிட்ட "எப்ப முடிப்பீங்க?"ன்னு கேட்டா "மூணு வருஷம்"னு சொல்வாங்க. அந்த மூணு வருஷத்துல எத்தனை நாள் உண்மையில வேலைக்கு ஆகும்னு கேட்டா பதில் வராது. இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் போடப் போறோம். அதுக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர் திருவண்ணாமலை. காரணம், அங்க களப்பணிக்கான நாளை ஆய்வாளர் முடிவு பண்ண முடியாது, நிலாதான் முடிவு பண்ணும்.

ஒரு ஆய்வாளரைக் கற்பனை பண்ணிக்குவோம். சமூகவியல் படிக்கிறாங்க. பௌர்ணமி ராத்திரி பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில தரையில சாக்கு விரிச்சு கடை போடுறவங்களுக்கு அந்த இடம் எப்படிக் கிடைக்குது, அதை யார் முடிவு பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். இதுதான் அவங்க தலைப்பு. ஜூலையில பதிவு பண்ணியிருக்காங்கன்னு வெச்சுக்கலாம்.

முதல்ல, கையில என்ன இருக்கு?

யூஜிசியோட 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைஞ்சது மூணு வருஷம், கோர்ஸ் வொர்க்கையும் சேர்த்து. ஆறு வருஷம் வரைக்கும் போகலாம். ஆனா ஜேஆர்எஃப் மாதிரி உதவித்தொகை அதிகபட்சம் அஞ்சு வருஷத்தோட நின்னுடும். அதனால நம்ம ஆய்வாளர் மூணு வருஷத்துக்கே திட்டம் போடுறாங்க.

மூணு வருஷத்துல சுமார் முப்பத்தேழு பௌர்ணமி வரும். முதல் அரை வருஷம் கோர்ஸ் வொர்க், ஆறு பௌர்ணமி போச்சு. கடைசி வருஷம் எழுதணும், இன்னும் பன்னிரண்டு போச்சு. மிச்சம் பத்தொன்பது. இதுல மழை, காய்ச்சல், பரீட்சை டியூட்டி, வீட்டு விசேஷம்னு கால்வாசியைக் கழிச்சுடுங்க. பதினாலு நிக்கும்.

ஒரு ராத்திரியில எத்தனை பேர்கிட்ட பேச முடியும்? அவங்க வியாபாரத்துல இருக்காங்க. கூட்டம் குறையுற நேரமா பார்த்து, சுண்டல் மடிச்சுக்கிட்டே பதில் சொல்வாங்க. பக்கத்துல உக்காந்து உருப்படியா பேசுறதுன்னா நாலு பேர். பதினாலு ராத்திரி, ராத்திரிக்கு நாலு பேர், மொத்தம் ஐம்பத்தாறு பேர்.

இப்ப அவங்க எழுதின ஆய்வுத் திட்டத்தைப் பாருங்க. "பாதை முழுக்க இருநூறு வியாபாரிகளிடம் நேர்காணல்"னு இருக்கு. அது நடக்காது. திறமைக் குறைவு எதுவும் இல்ல, நாள் இல்ல, அவ்வளவுதான். இந்த வகுத்தல் பெருக்கலை முதல் மாசமே போட்டா தலைப்பு தானா சுருங்கும். பாதை முழுக்க வேண்டாம், எம லிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் இடையில இருக்கிற துண்டு மட்டும் போதும்னு ஆகும். இதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் திருவண்ணாமலையைப் பத்தி 1989-லேர்ந்து 1999-க்குள்ள அஞ்சு தொகுதி கொண்டு வந்தாங்க. கல்வெட்டு ஒண்ணு, தொல்லியல் ஒண்ணு, சடங்கும் திருவிழாவும் ஒண்ணு, கோயிலோட சமூக அமைப்பு ஒண்ணு, ஊர் ஒண்ணு. பல அறிஞர்கள் சேர்ந்து செஞ்ச வேலையே ஊரைத் துண்டு போட்டுத்தான் பார்த்திருக்கு.

மைல்கல்னா என்ன?

"இலக்கிய மீளாய்வு செய்தல்", "தரவு சேகரித்தல்"னு திட்டத்துல எழுதுவோம். இதெல்லாம் வேலையோட பேரு. முடிஞ்சுதா இல்லையான்னு யாராலும் சொல்ல முடியாது. மைல்கல்லுன்னா இன்னொருத்தர் கையில கொடுக்கக்கூடிய பொருளா இருக்கணும். நம்ம ஆய்வாளருக்கு நாலு போதும்.

முதலாவது, முதல் கார்த்திகை தீபம். பதிவு பண்ணி அஞ்சாறு மாசத்துல வந்துடும். கோர்ஸ் வொர்க் நடந்துக்கிட்டிருந்தாலும் போயே ஆகணும், ஏன்னா மூணு வருஷத்துல தீபம் மூணு தடவைதான். இந்த முதல் தீபம் வெள்ளோட்டம். கையில கொடுக்க வேண்டியது எட்டுப் பக்கக் குறிப்பு. அதோட கடைசி வரி ஒரு கேள்வியா இருக்கணும்.

இரண்டாவது, களப்பணி தொடங்குறதுக்கு முன்னாடி: கேள்வித்தாள், அந்தத் துண்டுப் பாதையோட கை வரைபடம், பேசுறவங்ககிட்ட சம்மதம் கேக்கிற வாசகம். அந்த வாசகம் கடைக்காரருக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி எளிய தமிழ்ல இருக்கணும்.

மூணாவதுதான் பலர் விட்டுடுறது. அஞ்சாவது களப் பௌர்ணமி முடிஞ்சதும் நிறுத்தி, கிடைச்சதை வெச்சு அரை அத்தியாயம் எழுதணும். இருபது பேர்கிட்ட பேசியிருப்பாங்க. எல்லாரும் "இது எங்க பழைய இடம், யாரும் கேக்க மாட்டாங்க"ன்னே சொல்லியிருந்தா கேள்வி வேலை செய்யலன்னு அர்த்தம். "போன மாசம் இங்க யார் இருந்தாங்க? நீங்க ஒரு மாசம் வரலன்னா இடம் என்ன ஆகும்?"னு மாத்திக் கேக்கணும். அஞ்சாவதுல தெரிஞ்சா இன்னும் ஒன்பது ராத்திரி இருக்கு. பதினாலாவதுல தெரிஞ்சா ஒண்ணும் இல்ல.

நாலாவது, இருபத்துநாலாவது மாசம் களம் மூடுறது. அதுக்கப்புறம் வர்ற மூணாவது தீபம் சந்தேகம் தீர்த்துக்க மட்டும். புதுத் தரவு எடுக்கக் கூடாது.

எழுதுறதுக்குப் பின்னாடியிருந்து எண்ணணும். கடைசி மூணு மாசம் முன்சமர்ப்பிப்பு உரை, ஒப்புமைச் சோதனை, வடிவமைப்புன்னு போயிடும். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் திருத்தம். அதுக்கு முன்னாடி ஒரு மாசம் கைடு முழுசா படிக்க. ஆக, முப்பதாவது மாசம் அஞ்சு அத்தியாயமும் கையில இருக்கணும். ரெண்டை ரெண்டாவது வருஷமே எழுதியிருந்தா, மிச்சம் மூணுக்குத் தலா ரெண்டு மாசம் கிடைக்கும்.

இன்னொண்ணு. நிலா வந்தும் களம் இல்லாம போகலாம். 2020 மார்ச்சுக்கு அப்புறம் கொரோனாவால கிரிவலத்துக்கே தடை வந்தது. 2024 டிசம்பர் 1 மலைச்சரிவுக்குப் பிறகு, அந்த வருஷ தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்ல. அதனால பௌர்ணமியை நம்பாத ஒரு அத்தியாயம் கையிருப்பா இருக்கணும். பாதையோர நிரந்தரக் கடைகளை எந்தப் பகல்லயும் பார்க்கலாம், அது ஒண்ணு போதும்.

சரி, கைடு?

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்துல எட்டு பிஎச்.டி. மாணவர்கள் வரை வெச்சுக்கலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. வகுப்பு, விடைத்தாள், நாக் வேலை எல்லாம் தனி. போன தடவை உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. அது அலட்சியம் இல்ல. ஞாபகம் வெச்சுக்கிற வேலை உங்களோடது.

நம்ம ஆய்வாளர் மாசத்துக்கு ரெண்டு சந்திப்பு வெச்சுக்கிறாங்க. பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஒண்ணு: இந்த ராத்திரி எதைப் பார்க்கணும். பிந்தின வாரம் ஒண்ணு: என்ன கிடைச்சது, எது மாறணும். ரெண்டும் வேற வேற வேலை, அதனால பேச்சு தேங்காது.

ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெயில் போகும். இவ்வளவுதான்:

"மேடம், வணக்கம். களக் குறிப்பு மூன்று பக்கம் இணைத்துள்ளேன். நான்கு பேரிடம் பேசியாயிற்று. இரண்டு பேர் இடம் வாங்கித் தருபவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். அவரையும் நேர்காணல் செய்யலாமா, வியாபாரிகளோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதில் உங்கள் முடிவு வேண்டும். செய்யலாம் என்பது என் எண்ணம்."

கவனிங்க, முடிவு கேக்கிற இடத்துல தன் எண்ணத்தையும் சொல்லிட்டாங்க. "என்ன பண்ணலாம் மேடம்?"னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். கூடவே, மூணு பக்கம்னா பஸ்ல வரும்போது படிச்சுடலாம். முப்பது பக்கம் அனுப்பினா "பார்த்துட்டுச் சொல்றேம்மா"தான்.

சந்திப்பு முடிஞ்ச அன்னைக்கே இன்னொரு மெயில்: என்ன முடிவாச்சு, யார் செய்யணும், எப்போ. அஞ்சு வரி போதும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு, நம்ம ஊர்ல டாக்டோரல் கமிட்டின்னு சொல்றது, அவங்க முன்னாடி முன்னேற்ற அறிக்கை வைக்கணும். இந்த மெயில்களை வரிசையா அடுக்கினா அறிக்கை முக்கால்வாசி தயார். ஆறு மாசம் முன்னாடி சொன்னதுக்கு நேர்மாறா கைடு சொல்லும்போதும் இதுதான் காப்பாத்தும். "மேடம், மார்ச்ல நாம இப்படி முடிவு பண்ணியிருந்தோம், இப்ப மாத்திக்கலாமா?"ன்னு மரியாதையா கேக்கலாம். கேட்டதுல சண்டை இல்ல, தேதி மட்டும்தான் இருக்கு.

"இதையும் சேர்த்துக்கோ"

ரெண்டாவது வருஷம் நடுவுல இந்த வசனம் நிச்சயம் வரும். "பாதையில இருக்கிற தங்கும் விடுதிகளையும் சேர்த்துட்டா நல்லாயிருக்குமே." முடியாதுன்னு நேரடியா சொல்றது நம்ம வழக்கத்துல கஷ்டம். சரின்னு தலையாட்டிட்டு வந்தா ஆய்வு வீங்கிடும். அதுக்கு விலையைச் சொல்றது ஒரு வழி: "சேர்க்கலாம் மேடம். மூணு பௌர்ணமி ஆகும். கையில ஆறு இருக்கு. எந்த மூணை விடலாம்னு சொல்லுங்க." தலைப்பைப் பத்தின விவாதம் இப்ப நாளைப் பத்தின விவாதம் ஆயிடுச்சு. விடுதிகள் உண்மையிலேயே அவ்வளவு முக்கியம்னா கைடு அந்த மூணை விட்டுக்கொடுப்பாங்க, அதுவும் நல்ல முடிவுதான்.

சந்திப்பு வீணாப் போகுதுன்னு எப்படித் தெரியும்? தொடர்ந்து மூணு மெயில்ல "செய்ய வேண்டியது" பகுதியில அதே வரி இருந்தா, அந்த வேலை பெருசு. உடைக்கணும். எழுத்து எதுவும் இல்லாம வெறும் பேச்சாவே ரெண்டு சந்திப்பு நடந்தா, மூணாவதுக்கு ஒரு பக்கமாவது எழுதிட்டுப் போங்க. சந்திப்பையே தள்ளிப்போடாதீங்க. வேலை நடக்காத மாசத்துலதான் பெரும்பாலும் கைடு கண்ணுல படாம ஒளிவோம். ஆனா அந்த மாசத்துலதான் முடிவு கேக்க வேண்டியது நிறைய இருக்கும்.

இந்தக் கணக்கு பௌர்ணமிக்கு மட்டுமில்ல. நெல் அறுவடையைப் படிக்கிறவங்களுக்குப் பருவம், பள்ளிக்கூடத்தைப் படிக்கிறவங்களுக்குப் பரீட்சை இல்லாத மாசம், ஆய்வகத்துல இருக்கிறவங்களுக்குக் கருவி கிடைக்கிற நாள். உங்க ஆய்வுல உங்க கையில இல்லாத அந்த நாள் எது, மொத்தம் எத்தனை வரும்னு இந்த வாரம் ஒரு தாள்ல எண்ணிப் பாருங்க. அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளோட போங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.